போட்டி கம்பெனில கால்வாசி பங்கு: ஓட்டு இல்லாமலே விலை ஏறுறது எப்படி?

2024 ஜூன்ல அல்ட்ராடெக் சிமெண்ட், நம்ம சென்னை இந்தியா சிமெண்ட்ஸ்ல ஏறக்குறைய 23 சதவீத பங்கு வாங்கப்போகுதுன்னு செய்தி வந்துச்சு. கண்ட்ரோல் எதுவும் இல்லாத நிதி முதலீடுதான் இதுன்னு அவங்க சைடுலயே சொன்னாங்க. அப்ப வீடு கட்டிட்டிருந்த என் மாமா பேப்பர மடிச்சு வெச்சிட்டு, "என்ன மாப்ள, நானும்தான் நாலு கம்பெனி ஷேர் வெச்சிருக்கேன், அதுக்காக எவன் விலைய ஏத்திட்டான்?"னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா அன்னைக்கு இத பத்தி பேசினவங்க எல்லாருமே ரெண்டு பதில்ல ஒன்னத்தான் சொன்னாங்க. ஒன்னு "அதெல்லாம் வெறும் ஷேர், ஒன்னும் ஆகாது", இல்லன்னா "உள்ளுக்குள்ள பேசி வெச்சிருப்பாங்க". ரெண்டுமே விஷயத்தை தொடல. ஏன்னா யாரும் யார்கிட்டயும் பேசாம, போர்டுல ஒரு சீட்டு கூட இல்லாம, சட்டப்படி சுத்தமா இருந்துட்டே விலை ஏறலாம். அது எப்படின்னுதான் இங்க பொறுமையா பாக்கப்போறோம். (சிமெண்ட் விலை அந்த 23 சதவீதத்தாலதான் ஏறுச்சுன்னு நான் சொல்லவரல, அதுக்கு வேற கணக்கு எல்லாம் பாக்கணும், கடைசில அதுக்கு வரேன்.)

ஒரே ஒரு வார்த்தைய முதல்ல தெளிவாக்கிக்கலாம். ஒரு கம்பெனி தன்னோட நேரடி போட்டிக் கம்பெனில முழுசா வாங்காம கொஞ்சம் பங்கு மட்டும் வெச்சிருந்தா அதுக்கு பேர் பகுதி கிராஸ் ஓனர்ஷிப். வாங்கறது கம்பெனியா இருக்கணும், அதுவும் போட்டியாளரா இருக்கணும். என் மாமா சிமெண்ட் விக்கல, அதனால அவர் எத்தனை சிமெண்ட் ஷேர் வெச்சிருந்தாலும் மூட்டை விலைய மாத்துற கை அவருக்கு கிடையாது. அவர் கேள்விக்கு பாதி பதில் அங்கயே முடிஞ்சிடுது.

## தண்ணி கேன் கணக்கு

ஒரு ஏரியாவுல ரெண்டே பேர் 20 லிட்டர் தண்ணி கேன் போடறாங்கன்னு வெச்சுக்கோங்க, முருகன், பாஸ்கர். ரெண்டு பேருக்கும் ஒரு கேனுக்கு ஆகுற செலவு 10 ரூபா. ரெண்டு பேரும் 40 ரூபாய்க்கு விக்கறாங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கேன் போகுது. கேனுக்கு 30 ரூபா நிக்குது, இந்த நிக்கற காசுதான் மார்ஜின். அப்ப ஆளுக்கு நாள் லாபம் 1800 ரூபா.

இப்ப ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு ஒரு ரூல் போட்டுக்கலாம். ஒருத்தர் மட்டும் ஒரு ரூபா ஏத்தினா அவருக்கு 2 கேன் கொறையும். அந்த ரெண்டுல ஒரு வீடு அடுத்த ஆள்கிட்ட போயிடும், இன்னொரு வீடு "போங்கடா, நான் கொழாய் தண்ணிய காய்ச்சி குடிச்சிக்கறேன்"னு கேன் வாங்கறதையே விட்டுடும். ஒரு ரூபா கொறைச்சா இதுவே தலைகீழா நடக்கும்.

முருகன் 41 ரூபா ஆக்கினா என்ன ஆகும்? 58 கேன், கேனுக்கு 31 ரூபா, மொத்தம் 1798. ரெண்டு ரூபா நஷ்டம். 39 ஆக்கினா? 62 கேன், 29 ரூபா, அதுவும் 1798தான். ஏத்தினாலும் நஷ்டம் எறக்கினாலும் நஷ்டம், அதனால 40லயே நிக்கறாரு, பாஸ்கரும் அதே கணக்குல 40லயே நிக்கறாரு. எதிராளி விலை மாறாம இருக்கறப்போ, தான் மட்டும் மாத்தி யாருக்கும் லாபம் கூடாத இந்த நிலைமைக்குத்தான் ஈக்விலிப்ரியம்னு பேரு. ரெண்டு பேரும் நல்லவங்கங்கறதால விலை 40ல இல்ல. ஏத்தினா வாடிக்கை பாஸ்கர்கிட்ட போயிடும்ங்கற பயம்தான் முருகன 40ல நிறுத்தி வெச்சிருக்கு. மொத்த விஷயமும் இந்த பயத்துக்குள்ளதான் இருக்கு.

## இப்ப முருகன் கால்வாசி பங்கு வாங்கறாரு

பாஸ்கருக்கு வண்டி வாங்க பணம் தேவைப்படுது, முருகன் குடுத்து பாஸ்கர் தொழில்ல 25 சதவீத பங்கு எடுத்துக்கறாரு. ஒப்பந்தம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. பாஸ்கர் என்ன விலை வெக்கறாருன்னு முருகன் கேக்கக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது, கணக்கு நோட்ட தொடக்கூடாது. பாஸ்கர் வழக்கம்போல தன் தொழிலுக்கு எது நல்லதோ அத மட்டும் பாப்பாரு. முருகனுக்கு லாபத்துல கால் பங்கு வரும், அவ்ளோதான்.

இப்ப அதே 41 ரூபா கணக்க திரும்ப போடுங்க. முருகன் கடைல 1800 இருந்தது 1798 ஆச்சு, ரெண்டு ரூபா போச்சு, அதுல மாத்தமே இல்ல. ஆனா வெளிய போன ரெண்டு வீட்டுல ஒன்னு பாஸ்கர்கிட்டதானே போச்சு? பாஸ்கருக்கு 61 கேன், 1830 ரூபா, அதாவது 30 ரூபா கூட. அந்த 30ல கால்வாசி, 7.50, முருகனோடது. 2 ரூபா விட்டு 7.50 எடுத்தாச்சு, கையில 5.50 நிக்குது. நேத்து வரைக்கும் நஷ்டமா இருந்த அதே விலையேத்தம் இன்னைக்கு லாபம்.

42க்கு போனா? சொந்தக் கடைல 56 கேன், 32 ரூபா, 1792, எட்டு ரூபா நஷ்டம். பாஸ்கருக்கு 60 ரூபா கூட வருது, அதுல முருகன் பங்கு 15. நிகரமா 7 ரூபா லாபம். 43க்கு போனா சொந்த நஷ்டம் 18, வர்ற பங்கு 22.50, நிகரம் 4.50தான், கொறைய ஆரம்பிச்சிடுச்சு. அதனால முருகன் 42 பக்கத்துல நிப்பாரு.

பாஸ்கர்கிட்ட முருகன் ஒரு வார்த்தை பேசல பாருங்க, மிரட்டல, கெஞ்சல, சிக்னல் குடுக்கல. மாறினது ஒன்னே ஒன்னு: கை விட்டு போற வாடிக்கை முழுசா போகல, அவரோட இன்னொரு பாக்கெட்டுக்குள்ள கொஞ்சம் திரும்ப வருது.

இதுவரைக்கும் பாத்தத சுருக்கமா சொன்னா: வாடிக்கை போயிடும்ங்கற பயம்தான் விலைய புடிச்சு வெச்சிருந்துச்சு, எதிராளி லாபத்துல பங்கு வந்ததும் அந்த பயம் கொறைஞ்சிடுச்சு. பயம் கொறைஞ்ச அளவுக்கு விலை ஏறுச்சு.

## பங்கே வாங்காத பாஸ்கரும் ஏன் ஏத்தறாரு

கதை 42ல முடியல. பாஸ்கர் 40 ரூபால இருக்காரு, எதிர் கடை 42 ஆயிடுச்சு, அங்கிருந்து வாடிக்கை இவர்கிட்ட வந்திருக்கு. இவருக்கு முருகன் கடைல ஒரு பைசா பங்கு கிடையாது, இருந்தாலும் இவர் கணக்கும் மாறிடுச்சு. 40லயே நின்னா 62 கேன், 1860 ரூபா. 40.50 ஆக்கினா 61 கேன், கேனுக்கு 30.50, மொத்தம் 1860.50. நூல் அளவுதான் வித்தியாசம், ஆனா அவருக்கு சிறந்த விலை இப்ப 40.50தான், நான் 41 போட்டும் பாத்துட்டேன், அது கம்மி. எதிராளி ஏத்தினா நாமளும் கொஞ்சம் ஏத்தறது லாபம், விலைப் போட்டி இருக்கற பெரும்பாலான தொழில்ல இப்படித்தான். பாஸ்கர் ஏத்தினதும் முருகன் திரும்ப கணக்கு போட்டா இன்னும் மூணு பைசா ஏறும், அதோட நின்னுடும். புது ஈக்விலிப்ரியம் முருகன் 42, பாஸ்கர் 40.50.

இப்ப லாபத்த பாருங்க, எனக்கு முதல் தடவ போட்டப்போ ஆச்சரியமா இருந்த இடம் இது. முருகனோட சொந்தக் கடை லாபம் 1808. தான் மட்டும் ஏத்தினப்போ 1792க்கு விழுந்தது, பாஸ்கரும் ஏத்தினதுக்கப்புறம் பழைய 1800ஐயே தாண்டிடுச்சு. பாஸ்கருக்கு 1860.50. ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு. ஏரியால மொத்தம் 120 கேன் போயிட்டிருந்தது 117.50 ஆயிடுச்சு, அந்த ரெண்டரை வீடு கொழாய் தண்ணிய காய்ச்சிட்டிருக்கு, மத்தவங்க கூட காசு குடுக்கறாங்க.

இங்க ஒரு கேள்வி வரணும், வரலன்னா மேல இருக்கறத திரும்ப ஒருதரம் படிங்க. 42ம் 40.50ம் ரெண்டு பேருக்குமே நல்லதுன்னா பங்கு வாங்கறதுக்கு முன்னாடியே ஏன் அங்க போகல?

போயிருந்தாலும் நிக்க முடியாது, அதான் விஷயம். பங்கு இல்லாத முருகன் 42ல இருக்காருன்னு வெச்சுக்கோங்க, பாஸ்கர் 40.50. முருகன் சத்தமில்லாம 40க்கு எறக்கினா 60.50 கேன், கேனுக்கு 30, மொத்தம் 1815. 1808ஐ விட 7 ரூபா கூட. அதனால எறக்கிடுவாரு, எறக்குவாருன்னு பாஸ்கருக்கும் தெரியும், ரெண்டு பேரும் படிப்படியா பழைய 40க்கே வந்து சேருவாங்க. பங்கு இருக்கறப்போ அதே எறக்கத்த பாருங்க: சொந்தக் கடைல 7 ரூபா கூடும், ஆனா பாஸ்கர் லாபம் 61 ரூபா கொறையும், அதுல கால்வாசி 15.25 முருகன் பாக்கெட்லேர்ந்து போகும். எறக்க மனசு வராது. அதாவது அந்த பங்கு முருகன் கையை அவரே கட்டிக்கிட்ட கயிறு. கார்ட்டெல்ல, அதாவது விலை பேசி வெச்சுக்கற கூட்டணில, எல்லாரும் வாக்கு குடுத்துட்டு ராத்திரில மீறுவாங்க, இங்க வாக்கே தேவையில்ல, மீறினா தன் காசே போகும்.

அதனாலதான் "உள்ளுக்குள்ள பேசி வெச்சிருப்பாங்க"ங்கற பேச்சு எனக்கு பிடிக்கறதில்ல. பேசினா அது குற்றம், ஆதாரம் தேடலாம், ஃபோன் ரெக்கார்டு எடுக்கலாம். இதுல தேடறதுக்கு எதுவுமே இருக்காது.

## 25 சதவீதம்னா 25 சதவீதம் விலை ஏறும்னு இல்ல

ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கற எடம் இது. நம்ம கணக்குல 25 சதவீத பங்குக்கு முருகன் விலை 5 சதவீதம்தான் ஏறுச்சு, பாஸ்கரோடது ஒன்னேகால் சதவீதம். ரெண்டு கடையும் முழுசா ஒன்னாயிருந்தா இதே கணக்குல விலை 55 ரூபா வரைக்கும் போயிருக்கும். மெர்ஜர் பெரிய அடி, பகுதி பங்கு சின்ன அடி, ஆனா அதே திசைல விழற அடி.

அடி எவ்ளோ பெருசுங்கறத பங்கு சதவீதம் மட்டும் முடிவு பண்ணாது. விலை ஏத்தினதால நம்மள விட்டு போறவங்கள்ல எத்தனை பங்கு பேர் குறிப்பா அந்த எதிராளிகிட்ட போறாங்கங்கறது இன்னொரு பாதி. இதுக்கு டைவர்ஷன் ரேஷியோன்னு பேரு. நம்ம ஏரியால ரெண்டுல ஒருத்தர், 50 சதவீதம். பங்கு 25 சதவீதம், டைவர்ஷன் 50 சதவீதம், பெருக்கினா 12.5 சதவீதம். அதாவது வாடிக்கை போறதால முருகன் இழக்கற ஒவ்வொரு ரூபா மார்ஜின்லயும் பன்னெண்டரை பைசா பின்வாசல் வழியா திரும்பி வருது. பாஸ்கரோட மார்ஜினும் அதே 30ங்கறதால இந்த பெருக்கல் நேரா வேலை செய்யுது. பாஸ்கர் கேனுக்கு 5 ரூபாதான் சம்பாதிக்கறாருன்னா திரும்பி வர்றதும் அதுக்கேத்த மாதிரி சுருங்கிடும்.

அதே ஏரியால மூணாவதா ஒருத்தர் வந்து, முருகன விட்டு போறவங்கள்ல பெரும்பாலானவங்க அவர்கிட்ட போக ஆரம்பிச்சா? பாஸ்கர் தொழில்ல முருகன் வெச்சிருக்கற பங்கு விலை விஷயத்துல பாதிக்கு மேல வெத்து காகிதம் ஆயிடும். பங்கு அதே 25தான், ஆனா விலைய ஏத்தற தெம்பு போயிடும்.

இன்னொன்னு, "அந்த பங்குக்கு அவ்ளோ காசு குடுத்திருக்காரே, அத எடுக்கத்தான் விலை ஏத்தறாரு"ன்னு சொல்வாங்க. இல்ல. குடுத்த காசு குடுத்ததுதான். ஓசில வந்த பங்கா இருந்தாலும், வட்டிக்கு வாங்கி எடுத்த பங்கா இருந்தாலும் மேல போட்ட கணக்குல ஒரு பைசா மாறாது. அடுத்த கேன் எங்க போகுது, அதுல தனக்கு எவ்ளோ வருதுங்கறது மட்டும்தான் விலைய முடிவு பண்ணும்.

சுருக்கமா: பங்கு சதவீதம், டைவர்ஷன், எதிராளியோட மார்ஜின், இந்த மூணும் சேந்துதான் விலைய தள்ளும். மூணுல ஒன்னு சுண்டைக்காயா இருந்தா விளைவும் சுண்டைக்காய்தான்.

## ஜில்லெட்டும் வில்கின்சன் ஸ்வோர்டும்

இது கட்டுக்கதை இல்லன்னு காட்ட எனக்கு பிடிச்ச நிஜ கேஸ் ஷேவிங் பிளேடு கேஸ். 1989 டிசம்பர்ல ஸ்வீடன் நாட்டு ஸ்டோரா கம்பெனி தன்கிட்ட இருந்த வில்கின்சன் ஸ்வோர்ட் பிளேடு தொழில வித்துச்சு. வாங்கின புது கம்பெனி பேரு ஈம்லண்ட். அந்த வாங்கலுக்கு பணம் குடுத்தவங்கள்ல பெரிய ஆள் ஜில்லெட், பிளேடுல உலகத்துலயே முன்னாடி நிக்கற போட்டியாளர். ஜில்லெட்டுக்கு கெடச்சது ஈம்லண்ட்ல 22.9 சதவீத பங்கு, ஓட்டு உரிமை கிடையாது. அமெரிக்காவுல இருக்கற வில்கின்சன் தொழிலையும் நேரடியா எடுத்துக்கறதா முதல் திட்டம்.

1990ல அமெரிக்க அரசோட நீதித்துறை இலாகா இத எதிர்த்து கோர்ட்டுக்கு போச்சு. ஜில்லெட் அந்த அமெரிக்க தொழில விட்டுடுச்சு. 22.9 சதவீதத்த மட்டும் வெச்சுக்க விட்டாங்க, கண்டிஷன் கிட்டத்தட்ட நம்ம முருகனுக்கு போட்டதுதான்: தலையிடாத, சும்மா இருக்கற பங்குதாரரா மட்டும் இரு. ஓட்டு இல்ல, போர்டு இல்ல, அதனால ஆபத்து இல்லங்கறது அன்னைக்கு இருந்த நம்பிக்கை.

நாம மேல போட்ட கணக்கு என்ன சொல்லுது? பாஸ்கர் கடைய முருகன் தொடவே இல்ல, தன் கடை விலையத்தான் ஏத்தினாரு. கண்டிஷன் எல்லாம் வில்கின்சன் கதவ பூட்டுச்சு, ஜில்லெட் தன் சொந்த பிளேடு விலைய வெக்கற கதவு தெறந்தே இருந்துச்சு.

ஆனா நியாயமா பேசணும்னா டைவர்ஷனையும் பாக்கணும். அன்னைக்கு அமெரிக்காவுல பிளேடு விற்பனைல ஏறக்குறைய பாதி ஜில்லெட், வில்கின்சன் 3 சதவீதம் பக்கம்தான், நடுவுல ஷிக், பிக் எல்லாம் இருக்கு. ஜில்லெட்ட விட்டு போறவங்க மத்தவங்களோட சந்தை அளவுக்கேத்தபடி பிரிஞ்சு போறாங்கன்னு தோராயமா எடுத்தா, மீதி 50ல வில்கின்சனுக்கு 3, அதாவது 6 சதவீதம். 22.9 சதவீதத்தால பெருக்குங்க, ரூபாய்க்கு ஒன்னரை பைசா கூட வரல. தண்ணி கேன்ல பன்னெண்டரை பைசா. அதனால அமெரிக்காவுல சொல்லப்பட்ட காரணம் தப்பா இருந்தாலும் அங்க நுகர்வோருக்கு இந்த வழில பெரிய சேதம் வந்திருக்காதுங்கறதுதான் என் கருத்து.

ஐரோப்பால கதை வேற. 1992 நவம்பர்ல ஐரோப்பிய கமிஷன் ஜில்லெட்ட ஈம்லண்ட் பங்க வித்துட்டு வெளிய வான்னு சொல்லிடுச்சு. அவங்க பாத்தது ஓட்டு இருக்கா இல்லயாங்கறத மட்டும் இல்ல. ஜில்லெட் பெரிய கடன் குடுத்தவனாவும் இருந்துச்சு, பங்க வேற யாருக்காவது விக்கறதா இருந்தா முதல்ல தன்கிட்டதான் கேக்கணும்ங்கற உரிமையும் வெச்சிருந்துச்சு. கடன் குடுத்தவன் எதிர்ல உக்காந்திருக்கறப்போ போட்டியாளர் எவ்ளோ துணிஞ்சு விலை கொறைப்பாருங்கற கவலை அது.

## பங்கு வேற, பிடி வேற

மேல பாத்தது எல்லாம் காசு வழி. பங்கு வாங்கினவர் தன் விலைய ஏத்தறாரு, எதிராளிய தொடறதில்ல. ஓட்டு இருந்தா இன்னொரு வழியும் தெறக்குது, எதிராளியோட முடிவையே ஆட்டலாம். ரையன்ஏர்ங்கற விமான கம்பெனி 2006லேர்ந்து தன் போட்டி விமான கம்பெனி ஏர் லிங்கஸ்ல பங்கு சேத்து 29.8 சதவீதத்துக்கு வந்துச்சு. 2013ல பிரிட்டன் போட்டி ஆணையம் அத 5 சதவீதமா கொறைக்கச் சொன்னப்போ முக்கியமா சொன்ன காரணம் டிக்கெட் விலை கணக்கு இல்ல, இவ்ளோ பங்கோட இவங்க உக்காந்திருந்தா ஏர் லிங்கஸ் வேற விமான கம்பெனியோட சேந்து பலமாக முடியாதுங்கறதுதான். 2015ல ரையன்ஏர் அந்த பங்க பிரிட்டிஷ் ஏர்வேஸோட தாய் கம்பெனியான ஐஏஜிக்கு வித்துச்சு. இந்த ரெண்டு வழியையும் குழப்பிக்கறதாலதான் "கண்ட்ரோல் இல்ல, அதனால பிரச்சனை இல்ல"ன்னு பேச்சு வருது. ஓட்டும் கண்ட்ரோலும் இல்லன்னா ரெண்டாவது வழிதான் அடைபடுது.

## திரும்ப சிமெண்டுக்கு

சரி, என் மாமாவோட மூட்டைக்கு வரலாம். 23 சதவீதம்ங்கற நம்பர வெச்சு எதுவும் சொல்ல முடியாது, அடுத்து கேக்க வேண்டியது டைவர்ஷன். சிமெண்ட் கனமான சரக்கு, ரொம்ப தூரம் லாரில ஏத்தினா வாடகையே தின்னுடும், அதனால நாடு முழுக்க யாருக்கு எத்தனை சதவீதம்ங்கற கணக்கு இங்க உதவாது. திருநெல்வேலி பக்கம் ஒரு கடைல அல்ட்ராடெக் மூட்டை பத்து ரூபா ஏறினா மேஸ்திரி அடுத்து எந்த மூட்டைய காட்டுவாரு, இந்தியா சிமெண்ட்ஸோட சங்கரா, ராம்கோவா, டால்மியாவா? பத்து பேர்ல ஒருத்தர் இந்தியா சிமெண்ட்ஸுக்கு போனா ரூபாய்க்கு ரெண்டேகால் பைசாதான் திரும்பி வரும், பத்துல நாலு பேர் போனா ஒம்பது பைசா. அப்புறம் இந்தியா சிமெண்ட்ஸுக்கு அந்த மூட்டைல மார்ஜின் எவ்ளோ நின்னுச்சுங்கறதையும் பாக்கணும், நஷ்டத்துல விக்கறவன்கிட்ட வாடிக்கை போனா அதுல பங்குக்கு என்ன கெடைக்கும்?

இந்த கணக்க மாவட்டம் மாவட்டமா போட்டு முடிக்கறதுக்குள்ள கேள்வியே மாறிடுச்சு. 2024 ஜூலைலயே அல்ட்ராடெக் புரமோட்டர்கள், அவங்களச் சேந்தவங்களோட 32.72 சதவீதத்தையும் வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு, டிசம்பர்ல போட்டி ஆணையம் ஒப்புதல் குடுத்துச்சு. அதுக்கப்புறம் அது பகுதி பங்கு இல்ல, முழு கண்ட்ரோல். தண்ணி கேன் கணக்குல சொன்னா 42 ரூபா கேள்வி போயி 55 ரூபா கேள்வி வந்துடுச்சு, அதுக்கும் பதில் அதே மேஸ்திரி அடுத்து எந்த மூட்டைய காட்டறாருங்கறதுலதான் இருக்கு.